பெயரும் பரிகாசமும்

கனடா தேசத்தில் 'லக்ராஸ்' என்றொரு பந்து விளையாட்டு உண்டு. அந்நாட்டின் கோடைக்காலத் தேசிய விளையாட்டு அதுவே என்று 1994-ஆம் வருஷத்தில் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. இத்தனை கௌரவம் வாய்ந்த பெயரை ஒரு மோட்டார் வண்டிக்குச் சூட்டினால் அதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 2004-இல் தங்கள் ப்யூக் வண்டி ஒன்றை அப்பெயராலேயே சந்தைக்குக் கொண்டுவந்தனர். ஆனால் கனடாவில் மட்டும் அதே வண்டி 'அல்யூர்' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. காரணம் விசித்திரமானது. க்யூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு வாலிபர்களின் கொச்சையில் அந்தச் சொல்லுக்கு, ஒருவன் தனியறையில் தன் உடலோடு செய்துகொள்ளும் காரியம் என்று பொருள். இதற்குமேல் விளக்குவது இப்பத்தியின் மரியாதைக்கு ஏற்றதன்று. கௌரவமான அகராதியில் இந்தப் பொருளைத் தேடிப் பயனில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும்.

பெரிய கம்பெனிக்கு ஒரு நாட்டுக்கு மட்டும் வேறு பெயர்ப் பட்டயம் அடித்துக்கொள்ளச் சக்தியுண்டு. நம் நாட்டில் சிறு கைத்தொழில் நடத்துவோருக்கு அந்தச் சக்தி இல்லை. சத்துமாவு, சோப்பு, தின்பண்டம், கைத்தறித் துணி முதலியவற்றைத் தயாரிப்போர் மேலுறை அச்சிடுவதிலும் அச்சுக்கட்டை செய்வதிலும் பலகை எழுதுவதிலும் கைமுதலில் பெரும்பகுதியைச் செலவிட்டுவிடுகிறார்கள். பெயர் பரிகாசத்துக்கு உள்ளானால் அவ்வளவும் குப்பைக்குப் போகும். இதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று உண்டு. நல்ல தமிழ்ப் பெயர் வைத்த ஒருவர் கேலிக்கு ஆளானார் என்ற செய்தி பரவியதும், அடுத்துத் தொழில் தொடங்குகிற பத்துப் பேர், 'தமிழ்ப் பெயரே வேண்டாம்; ஆங்கிலத்தில் ஏதாவது வைத்துவிடுவோம்' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த அச்சம் ஆதாரமற்றது என்பது நமது அபிப்பிராயம். தமிழ்ப் பெயரைக் கைவிடுவதால் பரிகாசம் ஒழிவதில்லை. எந்தப் பெயரானாலும் அதைத் தமிழ் வாயிலும் தமிழ்ச் செவியிலும் இட்டுப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

ஆங்கிலப் பெயர் எவ்வாறு அகப்பட்டுக்கொள்கிறது என்பதை முதலில் கவனிப்போம். சுகாதாரப் பொருள்களுக்கு 'சானி', 'சனி' என்று தொடங்கும் ஆங்கில ஒலியைப் பலர் விரும்புகிறார்கள். தூய்மை என்பது அவர்கள் கருத்து. தமிழில் எழுதிப் படித்தால் ஒன்று சனீசுவரனை நினைப்பூட்டுகிறது. மற்றொன்று மாட்டுத் தொழுவத்துக்கு அருகில் போய் நிற்கிறது. தளர்வான உடை என்ற பொருளில் 'லூஸ்' என்று பெயரிட்டால், தமிழ்நாட்டுத் தெருவில் அதன் பொருள் அரைப் பைத்தியம். 'ப' வரிசையில் ஈகாரம் பெற்ற எழுத்துடன் தொடங்கும் ஆங்கிலச் சொல் எதுவானாலும் மூன்றாம் வகுப்புப் பையன் அந்த முதலெழுத்தோடு நின்றுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்வான். நமது லிபியில் வல்லினத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் ஒரே எழுத்து என்பதால், ஆங்கிலத்தில் தனித்தனியே நிற்கும் இரண்டு சொற்கள் தமிழில் ஒன்றாகவே எழுதப்படும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே பெயரை முதலில் தமிழெழுத்தில் எழுதி, அந்த ஆங்கிலச் சொல்லை அறியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் வாயில் வருவதே சந்தையில் வழங்கப்போகும் பெயர்.

இனித் தமிழுக்கே உரிய சோதனைகளுக்கு வருவோம். ஆங்கிலக் குழந்தைகள் கேலிப்பாட்டுக் கட்டும்போது சொல்லின் கடைசி ஒலியைப் பிடிக்கிறார்கள். அவர்களுடைய புத்தகங்களைப் பார்த்துப் பெயரைச் சோதிப்பவர்களும் கடைசி ஒலியையே தேடுகிறார்கள். தமிழ்ச் செவியோ எதுகையில் பழகியது. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் நம் பிள்ளைகளுக்கு அதுவே தாளம். ஆகையால், பெயரின் முதலெழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடிலாக எழுத்து வரிசை முழுவதையும் அவ்விடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இது கால்மணி நேர வேலை. அகராதியில் இருக்கும் வசைச் சொல்லும் இல்லாத வசைச் சொல்லும் இதில் வெளிப்பட்டுவிடும். இங்கே எழுத்தைவிட ஒலிக்கே மதிப்பு. ரகரத்தையும் றகரத்தையும் பலர் வேறுபடுத்தி உச்சரிப்பதில்லை, லகர ளகர ழகரங்களின் கதியும் அதுவே.

இதற்கு அடுத்தது எதிரொலி. காப்பி கீப்பி, படம் கிடம் என்று எந்தச் சொல்லையும் முதல் ஒலியைக் 'கி' என்றோ 'கீ' என்றோ மாற்றி இரட்டித்துப் பேசுவது நம் வழக்கம். இதில் அலட்சியம் தொனிப்பதால் கேலிக்கு இது கைகண்ட கருவி. பெரும்பாலான பெயர்களுக்கு எதிரொலி பொருளற்றதாகவே இருக்கும். ஆனால் 'பழம்' என்று தொடங்கும் பெயர் உடனே 'கிழம்' ஆகிவிடும். 'ஆறு' என்று தொடங்குவது 'கீறு' ஆகும். குழந்தைகளுக்கான பானத்துக்கு முன்னதும், முகத்தில் தடவும் பொருளுக்குப் பின்னதும் எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாகப் பதம் பிரித்துப் பார்க்க வேண்டும். செம்மொழிச் சிலேடை என்றும் பிரிமொழிச் சிலேடை என்றும் நம் அணி நூலார் வகுத்திருக்கிறார்கள். காளமேகப் புலவரைப் பெற்ற நாட்டில் ஒரு பெயர் பிரிந்து வேறு பொருள் தருவதைக் கண்டு திகைப்பது வியப்பே. இக்காலத்தில் பெயர்கள் இடைவெளியின்றி இணைய முகவரியாகவும் குறிச்சொல்லாகவும் எழுதப்படுவதால் இந்தச் சோதனை முன்னைவிட அவசியமாகியிருக்கிறது. 2013 ஏப்ரல் மாதத்தில் பிரிட்டிஷ் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் காலமானபோது #nowthatchersdead என்ற குறிச்சொல் பரவியது. 'இப்போது தாட்சர் இறந்துவிட்டார்' என்பது எழுதியவர்கள் கருத்து. அதே எழுத்துக்களை வேறு இடத்தில் பிரித்தால் 'இப்போது ஷேர் இறந்துவிட்ட நிலையில்' என்று ஆகிறது. ஷேர் என்னும் பாடகியின் ரசிகர்கள் பலர் அவ்வாறே படித்துப் பதறிப்போனார்கள். பெயரைத் தமிழில் சேர்த்தெழுதியும், ஆங்கில எழுத்தில் சேர்த்தெழுதியும், மேலுறையின் மடிப்பில் எந்த எழுத்தோடு வரி முறிகிறது என்பதை நேரிலும் பார்ப்பது உசிதம்.

இவற்றையெல்லாம்விட நுட்பமானது வினைச்சொல். தமிழில் கேலி பெரும்பாலும் பெயரில் இல்லை, வினையில் ஒளிந்திருக்கிறது. அல்வாவில் ஒரு தோஷமும் இல்லை. 'அல்வா கொடுத்தான்' என்றால் ஏமாற்றினான். சங்கு மங்கலப் பொருள். 'சங்கு ஊதியாயிற்று' என்றால் கதை முடிந்தது. பல்பு வீட்டுக்கு வெளிச்சம் தருவது. 'பல்பு வாங்கினான்' என்றால் அசடு வழிந்தான். கடலை உண்ணும் பண்டம். 'கடலை போடுகிறான்' என்றால் ஒரு பெண்ணிடம் வெட்டிப்பேச்சுப் பேசுகிறான். ஆகவே பெயரைத் தனியே காகிதத்தில் எழுதிப் பார்ப்பது போதாது. கடைக்காரரும் வாங்குவோரும் அதனுடன் எந்தெந்த வினைகளைச் சேர்ப்பார்களோ அவற்றோடு சொல்லிப் பார்க்க வேண்டும்: கொடு, வாங்கு, போடு, எடு, தின்னு, தீர்ந்துபோயிற்று, இருக்கிறதா. வேற்றுமை உருபுகளையும் ஏற்றிப் பார்க்க வேண்டும். எழுவாயில் ஒழுங்காக இருக்கும் பெயர் 'ஐ' உருபு சேர்ந்ததும் வேறு சொல்லாக ஒலிப்பதுண்டு.

'அகராதியைப் பார்த்தால் தெரியாதா?' என்று கேட்பாரும் உளர். சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அனுபந்தமாகவும் வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன் நம் மொழியின் பெரும் பொக்கிஷம். கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியும் அரிய துணை. ஆனால் அகராதி நேற்றைய பேச்சைப் பதிவு செய்கிறது. பரிகாசம் இன்று காலையில் பிறக்கிறது. 'நாற்றம்' என்பது பழைய நூல்களில் நறுமணம். இன்று அப்படி ஒரு வாசனைத் தைலத்துக்குப் பெயரிட முடியுமா? 'மயிர்' என்ற சொல் புலவர் வாயில் குற்றமற்றது. தெருவில் அது வசை. 'உருட்டு' என்ற சொல்லுக்குச் சில வருஷங்களாக இளைஞர்களிடையே புளுகு என்று பொருள். இடத்தாலும் பொருள் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் 'சரக்கு' என்றால் சமையலுக்கு வேண்டிய மசாலை. தமிழ்நாட்டு வாலிபர் வாயில் அது சாராயம். கடல் கடந்து விற்க உத்தேசித்திருக்கும் பொருளுக்கு இரு கரையிலும் விசாரணை தேவை.

எனவே கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டும். பெயரைத் தேர்ந்தெடுக்கும் அறையில் பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர்களே இருக்கிறார்கள். சிரிக்கப்போகிறவர்களுக்கு வயது பதின்மூன்று முதல் பதினாறு. அவர்களைப் பெற்றோர், ஆசிரியர் அனுமதியுடன் நான்கைந்து பேராகக் கூட்டி, ஆண்பிள்ளைகளைத் தனியாகவும் பெண்பிள்ளைகளைத் தனியாகவும் விசாரிப்பது நலம். 'இந்தப் பெயர் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் ஒரு பயனும் இராது. பெரியவர்கள் மனம் நோகக் கூடாதென்று, நன்றாக இருக்கிறதென்றே நம் பிள்ளைகள் சொல்லுவார்கள். 'உங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு இந்தப் பெயர் இருந்தால் அவனை எப்படிக் கேலி செய்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். கையொப்பமில்லாத துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். உண்மையான பெயர் வெளியே கசிந்துவிடாதபடி, பொய்யாக ஐந்தாறு பெயர்களையும் அதனுடன் கலந்து கொடுக்க வேண்டும். ஒரே கேலி இரண்டு வெவ்வேறு ஊர்களில் ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகளிடமிருந்து வந்தால், அது சந்தையிலும் வரும் என்று நிச்சயிக்கலாம். ஒருவன் மட்டும் சிரமப்பட்டுக் கட்டிய கேலியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஓர் உதாரணம் கற்பித்துக்கொண்டு நாமே நடத்திப் பார்ப்போம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அப்பக்கத்தில் ஒரு பெண்கள் குழுவினர் புதிதாக மிட்டாய் செய்து விற்க முற்பட்டு, நான்கு பெயர்களைத் தேர்ந்தெடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: கரிசல், வேர்முத்து, நட்டி, செவல்.

கரிசல் என்ற பெயரில் நமக்கு மிகுந்த பற்று. மண்ணின் மணமும் இலக்கியத்தின் மணமும் அதில் உண்டு. ஆனால் எதுகைச் சோதனையில் இரண்டாம் அடியிலேயே 'எரிச்சல்' வந்து நிற்கிறது. 'கரிசல் தின்றால் எரிச்சல்' என்று பாட ஒரு பையனுக்குக் கவித்துவம் வேண்டியதில்லை. அதோடு கரி என்ற ஒலி, பாகு தீய்ந்துபோனதோ என்ற சந்தேகத்தையும் எழுப்பும். ஒரு சஞ்சிகைக்கோ துணிக்கோ இப்பெயர் வெகு பொருத்தம். வயிற்றுக்குள் போகும் பண்டத்துக்கு ஆகாது. வேர்முத்து காகிதத்தில் அழகாக இருக்கிறது. வேரில் விளையும் முத்து என்பது நல்ல கற்பனை. வாய்விட்டுச் சொன்னால் சித்திரை வெயிலில் முதுகில் கிளம்பும் வேர்க்குருவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முத்து என்று அம்மைக் கொப்புளத்தையும் நம் தாய்மார்கள் சொல்லுவார்கள். இரண்டும் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. நட்டி என்பது கொட்டைப் பருப்பைக் குறிக்கும் ஆங்கில ஒலி. ஆங்கிலத்திலேயே அதற்குப் பித்துப்பிடித்தவன் என்ற பொருளும் உண்டு. தமிழில் 'நட்டு கழன்றவன்' என்றாலும் அதே பொருள். இரு மொழியிலும் ஒரே கேலிக்கு இடம் தரும் பெயர் அபூர்வம். போதாக்குறைக்கு நட்டம் என்ற ஒலி வேறு அருகில் நிற்கிறது.

செவல் மிஞ்சுகிறது. நிலக்கடலைக்கு உகந்தது இளகிய செம்மண் ஆதலால் பெயர் பொருளுடையது. எதுகையில் முதலில் வருவது அவல். அது உண்ணும் பண்டமே. எதிரொலியாகிய 'கிவல்' பொருளற்றது. 'செவல் இருக்கிறதா', 'செவல் கொடு' என்பவை ஒழுங்காகவே ஒலிக்கின்றன. ஒரே ஒரு குறை: 'செவல் கேட்டால் செவுளில் கொடுப்பார்கள்' என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். சேவல் என்று தவறாகக் கேட்பவர்களும் இருப்பார்கள். இவை பொறுத்துக்கொள்ளத்தக்கவை என்பது நமது தீர்மானம்.

எந்தக் கேலியும் இல்லாத பெயர் உலகில் இல்லை. அப்படி ஒன்றைத் தேடுவது வீண் வேலை. பொருளின் உபயோகத்தையே கேலி தாக்குகிறதா என்பதையும், கடையில் நின்று அப்பெயரைச் சொல்லிக் கேட்கும் பெண்ணுக்குக் கூச்சம் உண்டாகுமா என்பதையும் முக்கியமாகக் கவனித்தால் போதும். கரிசல் முதலாவதில் தோற்றது. ப்யூக் வண்டி இரண்டாவதில் தோற்றிருக்கும். இவ்விரண்டிலும் சேராத கேலிகள் வந்து போகும். ஷெவர்லே நோவா என்ற வண்டி லத்தீன் அமெரிக்காவில் விற்கவில்லை என்றும், ஸ்பானிஷ் மொழியில் 'நோ வா' என்றால் 'ஓடாது' என்பதே காரணம் என்றும் வியாபாரப் புத்தகங்கள் திரும்பத் திரும்ப எழுதிவருகின்றன. இது கட்டுக்கதை. மெக்ஸிகோவிலும் வெனிசூலாவிலும் அவ்வண்டி நன்றாகவே விற்றது. அழுத்தம் மாறி ஒலிப்பதால் ஸ்பானிஷ் செவிக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல. மெக்ஸிகோ சர்க்காரின் பெட்ரோல் கம்பெனியே நோவா என்ற பெயரில் எரிபொருள் விற்றிருக்கிறது. காகிதத்தில் கண்ட கேலியைக் கொண்டு நல்ல பெயரைத் தள்ளிவிடுவோருக்கு இதைக் காட்டுகிறோம். கொச்சையும் நிலையானதன்று. கனடாவில் ஒதுக்கப்பட்ட 'லக்ராஸ்' என்ற பெயரையே 2009-இல் அக்கம்பெனியார் அங்கேயும் வண்டிக்குச் சூட்டினார்கள்.

எந்தச் சோதனையாலும் தடுக்க முடியாத விபத்தும் உண்டு. டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியார் 'ஜிப்பி கார்' என்ற இரு சொற்களைச் சுருக்கி 'ஜிகா' என்று தங்கள் சிறு வண்டிக்குப் பெயரிட்டு, 2015-ஆம் வருஷக் கடைசியில் அதை வெளியே காட்டினார்கள். 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம், அதே ஒலியுடைய விஷக்கிருமியை முன்னிட்டுச் சர்வதேச அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. மறுநாளே கம்பெனியார் பெயரை மாற்றுவதாக அறிவித்தார்கள். அம்மாதத்து மோட்டார்க் கண்காட்சியில் வண்டி பழைய பெயருடனேயே நின்றது. ஏப்ரலில் 'டியாகோ' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. பெயர் தேர்ந்தவர்கள் மீது இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிறு உற்பத்தியாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மேலுறையின் முதல் அச்சைச் சிறிய அளவில் வைத்துக்கொண்டு, சில வாரங்கள் கடைத்தெருவின் பேச்சைக் கேட்ட பிறகு பெரிய அச்சுக்குப் போகும் வழக்கமே.

1999-ஆம் வருஷத்து வர்த்தகச் சின்னச் சட்டம் ஆபாசமான பெயர்களைப் பதிவு செய்வதைத் தடுக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக் கேலியைக் கண்டுபிடிப்பது பதிவு அதிகாரியின் வேலையன்று. அவர் சம்மதித்ததனால் பெயர் தப்பிவிட்டது என்று எண்ணுவது பெரும் தவறு. சிறு தொழில் தொடங்குவோருக்குப் பயிற்சி அளிக்கும் மாவட்டத் தொழில் மையங்கள், மேலுறை அமைப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் நாளில் பாதி நாளை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்கிறோம். அருகிலிருக்கும் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் ஒத்துழைப்பும், ஒரு கட்டுத் துண்டுக் காகிதமும், பத்துப் பதினைந்து பிள்ளைகளுமே இதற்கு வேண்டிய சாதனங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுக்கும் செலவைச் சர்க்கார் பொருட்படுத்தமாட்டார்கள் என்று நம்புகிறோம்.